ஆணி இழந்தது எவ்வளவு?
(மயிலாப்பூரில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச வந்திருப்பது ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி. நாலு கண்ணாடிக் குவளைகள். நாலிலும் நாலு விதமான திரவம். ஒவ்வொன்றிலும் ஓர் எஃகு ஆணி, அதன் பக்கத்தில் ஒரு செம்புத் தகடு, இரண்டையும் வெளியே இணைக்கும் ஒரு கம்பி. ஒரு வாரம் கழித்து எந்த ஆணி அதிகம் அரிபட்டது என்று பார்க்க வேண்டும். மயிலாப்பூரிலும் தி. நகரிலும் அடையாற்றிலும் பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடங்களில் செய்யக்கூடிய எளிய சோதனை இது. சோதனையைப் பலரும் ஒழுங்காகவே செய்துவிடுகிறார்கள். சறுக்குவது எங்கே? அறிக்கையின் முதல் பக்கத்தில். அங்கே எழுத வேண்டிய ஆய்வுச் சுருக்கத்தில். அந்தச் சுருக்கத்தை எழுதுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

வழக்கமாக எழுதப்படும் சுருக்கம் எப்படி இருக்கும்? நீங்களே கேட்டுப் பாருங்கள். "துருப்பிடித்தல் உலகெங்கும் பெரும் பொருளாதார இழப்பை உண்டாக்குகிறது. இந்த ஆய்வில் பல்வேறு மின்பகுளிகளில் ஆணிகள் வைக்கப்பட்டு ஆராயப்பட்டன. உப்பு நீரில் துரு அதிகமாகக் காணப்பட்டது. முடிவுகள் விரிவாக விவாதிக்கப்பட்டுள்ளன."

இலக்கணப் பிழை இல்லை. ஆனால் இதைப் படித்தவருக்கு என்ன தெரிந்தது? எந்த ஆணி? தெரியாது. உப்பு எவ்வளவு? தெரியாது. எத்தனை நாள்? தெரியாது. அதிகம் என்றால் எவ்வளவு அதிகம்? அதுவும் தெரியாது. சோதனை செய்யாத ஒருவர்கூட இந்த நாலு வரியை எழுதிவிட முடியும். சோதனை செய்தவர் மட்டுமே எழுதக்கூடியதாக இருப்பதுதான் ஆய்வுச் சுருக்கம்.

அப்படியென்றால் அதில் என்ன எழுதுவது? அதைச் சொல்வதற்கு முன், அந்தக் குவளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். நடப்பது விளங்கினால் எழுத வேண்டியதும் விளங்கிவிடும்.

இரும்பு அணு இரண்டு எலக்ட்ரான்களை ஆணியில் விட்டுவிட்டு, அயனியாகத் திரவத்தில் இறங்குகிறது. விட்டுச்சென்ற எலக்ட்ரான்கள் கம்பி வழியாகச் செம்புக்குப் போகின்றன. அங்கே திரவத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொண்டு, தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடு அயனியாகிறது. அமிலமாக இருந்தால் ஹைட்ரஜன் அயனியும் வாங்கிக்கொண்டு வாயுக் குமிழியாக வெளியேறும். ஓர் இடத்தில் இரும்பு கரைகிறது. வேறோர் இடத்தில் ஆக்சிஜன் செலவாகிறது. இரண்டுக்கும் நடுவே, திரவத்துக்குள் அயனிகள் நகர்ந்தால்தான் சுற்று முழுமையாகும். இவ்வளவுதான் அரிப்பு மின்கலம்.

இதைக் கண்ணால் காட்டியவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யு. ஆர். எவன்ஸ். எஃகுத் தகட்டின் மேல் உப்பு நீர் ஒரு சொட்டு வைத்தார். அதில் நிறம் காட்டும் இரண்டு பொருள்களைக் கலந்திருந்தார். இரும்பு கரைகிற இடத்தை நீலமாகக் காட்ட பொட்டாசியம் ஃபெரிசயனைடு. ஹைட்ராக்சைடு உண்டாகிற இடத்தை இளஞ்சிவப்பாகக் காட்ட பினாஃப்தலீன். சொட்டின் ஓரத்துக்குக் காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதாக வந்து சேரும், ஓரம் சிவந்தது. நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போதவில்லை, நடு நீலமானது. பழுப்புத் துரு எங்கே படிந்தது? இரண்டுக்கும் இடையில், வளையமாக. கவனியுங்கள்: இரும்பு போனது ஓரிடம், துரு தெரிந்தது வேறிடம்! இந்தச் சோதனையை நீங்களும் ஒரு மணி நேரத்தில் செய்து பார்த்துவிடலாம்.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் முதல் பாடம்: கண்ணை நம்பி எழுதாதீர்கள், தராசை நம்பி எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்? நம் நாலு குவளைகளையே எடுத்துக்கொள்வோம். முதலாவதில் குழாய்த் தண்ணீர். இரண்டாவதில் 3.5 சதவீத உப்பு நீர். அதாவது 35 கிராம் உப்பைக் கரைத்து ஒரு லிட்டராக்கியது. மூன்றாவதில் வினிகர், சுமார் 5 சதவீத அசெட்டிக் அமிலம். நாலாவதில் 1 சதவீத சலவைச் சோடாக் கரைசல். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் உப்பு நீர்க் குவளையின் அடியில் பழுப்புச் சேறு கட்டியிருக்கும். பார்க்கவே பயமாக இருக்கும். வினிகரில் கிடந்த ஆணியோ சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக, கழுவி எடுத்ததுபோல் இருக்கும். பார்த்தவர் என்ன எழுதுவார்? "வினிகரில் துருப்பிடிக்கவில்லை" என்று எழுதிவிடுவார். கரைந்த இரும்பு எங்கே போனது? அமிலத்தில் அது படிவாக நிற்காது, திரவத்திலேயே தங்கிவிடும். எடை போட்டால்தான் உண்மை வெளிவரும்.

எடை போடுவது எளிதா? அதற்கும் முறை உண்டு. நமது ஆணி 75 மி.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன், எடை 4 கிராமுக்குச் சற்று மேல். ஒரு வாரத்தில் அது இழப்பது சில பத்து மில்லிகிராம்தான். மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும். 10 மில்லிகிராம் படியில் காட்டும் தராசு இருந்தால், குழாய்த் தண்ணீர் ஆணியின் இழப்பு கடைசி இலக்கத்தில் ஒன்று கூடுவதா குறைவதா என்பதிலேயே மறைந்துபோகும்.

ஹார்டுவேர் கடையில் வாங்கும்போதே துத்தநாகப் பூச்சு இல்லாத ஆணியாகப் பார்த்து வாங்க வேண்டும். பூச்சு இருந்தால் முதலில் கரைவது துத்தநாகம். நீங்கள் அளப்பது இரும்பே அல்ல. பூச்சில்லாத ஆணியிலும் எண்ணெய் இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, அதன் பிறகுதான் முதல் எடை.

ஒரு வாரம் முடிந்ததும் துருவோடு எடை போடலாமா? கூடாது. துருவில் ஆக்சிஜனும் தண்ணீரும் சேர்ந்திருக்கின்றன. ஆணி கனம் கூடியதுபோலக்கூடக் காட்டும். துருவின் ஒரு பகுதி உதிர்ந்து குவளையில் கிடக்கும். அப்போது குறைந்ததுபோலக் காட்டும். இரண்டுமே பொய். வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் துருவை நீக்கிக் கழுவி, உலர்த்தி, எடை போட வேண்டும். அந்த அமிலமும் இரும்பைக் கொஞ்சம் தின்னுமே என்று கேட்பீர்கள். தின்னும். அதற்காகத்தான் எந்தக் குவளையிலும் போடாத புது ஆணி ஒன்றையும் அதே கரைசலில் அதே நேரம் வைத்து, அது இழந்த எடையை எல்லாக் கணக்கிலிருந்தும் கழிக்கிறோம்.

அடுத்து, கம்பியில் ஓடுகிற மின்னோட்டம். இங்கே ஒரு சிறு நுணுக்கம். மல்டிமீட்டரை மின்னோட்ட அளவில் வைத்து ஒரு வாரம் அப்படியே விட முடியாது. அது தானாக அணைந்துவிடக்கூடும். அளந்துவிட்டுக் கழற்றினால் சுற்று அறுந்துவிடும். அறுந்த நேரமெல்லாம் உங்கள் மின்கலம் மின்கலமே அல்ல. இதற்கு வழி, ஆணிக்கும் செம்புக்கும் இடையே 10 ஓம் மின்தடை ஒன்றை நிரந்தரமாக இணைத்துவிடுவது. ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். மின்தடையின் இரு முனைக்கும் இடையே மில்லிவோல்ட் அளக்க வேண்டும். 2 மில்லிவோல்ட் காட்டினால் 0.2 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். சுற்று ஒரு நொடியும் அறுவதில்லை.

இந்த மின்னோட்டத்தை இரும்பாக மாற்றுவது எப்படி? ஃபாரடேயின் விதி கைகொடுக்கிறது. ஒரு மில்லிஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் 25 மில்லிகிராம் இரும்பு கரைந்திருக்கும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் வாய்ப்பாடுதான். 0.2 மில்லிஆம்பியர், 7 நாள்: 35 மில்லிகிராம்.

இப்போது ஆணியை எடை போடுகிறோம். 46 மில்லிகிராம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு சொன்னது 35. தராசு சொல்வது 46. எது சரி? தவறு எங்கே?

தவறு எங்குமில்லை. இரண்டுமே சரி! கம்பி வழியாகச் செம்புக்குப் போன எலக்ட்ரான்களை மட்டுமே மீட்டர் எண்ணியது. ஆனால் ஆணிக்கு மேலேயே, எவன்ஸின் சொட்டில் நடந்ததுபோல, ஓர் இடம் கரைந்து இன்னோர் இடம் ஆக்சிஜனுக்கு எலக்ட்ரான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த எலக்ட்ரான்கள் ஆணியை விட்டு வெளியே வருவதே இல்லை. மீட்டருக்கு அவை தெரியாது. தராசுக்குத் தெரியும். 46-க்கும் 35-க்கும் உள்ள 11 மில்லிகிராம், ஆணி தனக்குள்ளேயே நடத்திய அரிப்பு. அமிலத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும். ஏனென்றால் ஆணியின் மேலேயே ஹைட்ரஜன் குமிழி கிளம்புகிறது. பல மாணவர்கள் இந்த இடைவெளியைப் பார்த்து, சோதனை பிசகிவிட்டது என்று பயந்து, இரண்டில் ஓர் எண்ணை மறைத்துவிடுகிறார்கள். மறைக்காதீர்கள்! சுருக்கத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டிய கண்டுபிடிப்பு அந்த இடைவெளிதான்.

மூன்றாவதாக, எந்தத் திரவம் என்று சொல்வதில் நேர்மை வேண்டும். சமையல் உப்பைக் கரைத்துவிட்டு "கடல் நீரில்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வந்து ஐந்தாவது குவளையாக வைத்துப் பாருங்கள். சில நாளில் செம்புத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளைப் படிவு தெரியலாம். கடல் நீரில் மக்னீசியமும் கால்சியமும் இருக்கின்றன. செம்பின் மேல் உண்டாகிற ஹைட்ராக்சைடோடு சேர்ந்து அவை படிகின்றன, ஆக்சிஜன் செம்பைத் தொடும் வழி குறைகிறது, மின்னோட்டம் இறங்குகிறது. வெறும் உப்பு நீரில் இந்தப் படிவு வராது. இன்னொன்று: நம் கடற்கரைத் தண்ணீர் எல்லா மாதமும் ஒரே உப்பாக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் அடையாறு பெருகிக் கடலில் கலக்கும்போது கரையோரத் தண்ணீரில் உப்பு குறையும். ஆகவே கடல் நீர் என்று எழுதினால் எந்த இடம், எந்த மாதம் என்பதையும் எழுத வேண்டும். உப்பு நீர் என்றால் சதவீதம் எழுத வேண்டும். உப்பு கூடக்கூட அரிப்பும் கூடிக்கொண்டே போகும் என்றும் எழுதிவிடாதீர்கள். உப்பு மிக அதிகமானால் ஆக்சிஜன் கரையும் அளவு குறைந்து, அரிப்பின் வேகமும் குறைந்துவிடும்.

இனி, எடையிழப்பை எந்த வடிவத்தில் சொல்வது? இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய பள்ளி இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் தர, 1948 ஜூலை 25-ல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-ல் தொடங்கிவைக்கப்பட்டது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். மண்டபம் என்ற ஊரில், கடலை ஒட்டி, அந்த நிறுவனத்துக்கு அரிப்புச் சோதனை நிலையம் உண்டு. உலோகத் துண்டுகளைக் கடல் காற்றிலும் கடல் நீரிலும் வைத்து, முன்னும் பின்னும் எடை பார்த்து, இழப்பைப் பரப்பாலும் காலத்தாலும் வகுத்துச் சொல்வதுதான் இந்தத் துறையின் முறை. ஏன் வகுக்க வேண்டும்? பெரிய ஆணி அதிகம் இழக்கும், சின்ன ஆணி குறைவாக இழக்கும். பரப்பைச் சொல்லாத எடையிழப்பை வேறு யாரோடும் ஒப்பிட முடியாது.

நம் ஆணியையே பார்ப்போம். திரவத்தில் மூழ்கிய பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். 46 மில்லிகிராம் 168 மணி நேரத்தில் போயிருக்கிறது. எஃகின் அடர்த்தியைச் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 0.6 மி.மீ. தடிமன் போகும் வேகம். உடனே ஓர் ஆசை வரும்: "ஆகவே அடையாறு, பெசன்ட் நகர் வீடுகளின் ஜன்னல் கம்பிகள் ஐந்து ஆண்டில் 3 மி.மீ. தேயும்" என்று எழுதி முடிக்கலாமே! எழுதலாமா? கூடாது. உங்கள் ஆணியோடு செம்பு இணைந்திருந்தது. ஜன்னல் கம்பியோடு இல்லை. உங்கள் ஆணி நீரில் மூழ்கியிருந்தது. கம்பி காற்றில் நிற்கிறது. துருப்படலம் தடித்தால் வேகமும் மாறும். அதோடு, இது முழுப் பரப்புக்கும் சராசரி. ஓரிடத்தில் ஆழமாகக் குழி விழுந்திருந்தால் சராசரியில் அது தெரியாது. ஒரு வாரச் சோதனை ஒரு வாரத்தைப் பற்றித்தான் பேச முடியும்.

சலவைச் சோடாவும் இதே எச்சரிக்கையைச் சொல்கிறது. அதில் ஆணி பளபளவென்று இருக்கும். காரத்தன்மையில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடுப் படலம் உண்டாகி அதைக் காக்கிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமெண்டின் காரம் காப்பதும் இப்படித்தான். அதே சோடாக் கரைசலில் போதிய உப்பைப் போட்டால் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துவிடும். கடலோர வீடுகளின் பால்கனிகளில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நீங்கள் உப்பு கலந்த சோடாவைச் சோதிக்கவில்லை என்றால், சுருக்கத்தில் கான்கிரீட்டைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அது அறிக்கையின் உள்ளே, விவாதப் பகுதியில் இருக்கட்டும்.

இப்போது எழுதுவோம், வாருங்கள். ஆறு கேள்விகளுக்கு விடை. எதை ஒப்பிட்டோம்? எப்படி வைத்தோம்? தராசு என்ன சொன்னது? மின்னோட்டம் என்ன சொன்னது? இவற்றால் தெரிவது என்ன? எந்த எல்லைக்குள்? இந்த வரிசையில் போனால் சுருக்கம் தானாக வந்துவிடும். நான் வாசிக்கப்போவதில் உள்ள எண்கள் எழுதும் முறையைக் காட்ட எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள். உங்கள் ஆணி வேறு எண்ணைச் சொல்லும், அதையே எழுத வேண்டும்.

"பூச்சற்ற எஃகு ஆணிகள் நான்கு மின்பகுளிகளில் எவ்வளவு இரும்பை இழக்கின்றன என்பது ஒப்பிடப்பட்டது. 75 மி.மீ. நீளமுள்ள ஒவ்வோர் ஆணியும் (மூழ்கிய பரப்பு சுமார் 5 ச.செ.மீ.) 10 ச.செ.மீ. செம்புத் தகட்டுடன் 10 ஓம் மின்தடை வழியாக இணைக்கப்பட்டு, மூடாத குவளையில் 30 டிகிரி செல்சியஸில் 7 நாள் வைக்கப்பட்டது; ஒவ்வொரு திரவத்துக்கும் 3 ஆணிகள். துரு நீக்கியபின் சராசரி எடையிழப்பு 5 சதவீத அசெட்டிக் அமிலத்தில் 90, 3.5 சதவீத உப்பு நீரில் 46, குழாய் நீரில் 12 மி.கி.; ஆணிகளுக்கிடையே வேறுபாடு 6 மி.கி.க்குள். 1 சதவீத சலவைச் சோடாவில் அளக்கத்தக்க இழப்பு இல்லை. மின்னோட்டத்திலிருந்து கணக்கிட்ட இழப்பு முதல் மூன்றில் முறையே 53, 35, 7 மி.கி.; மீதி, ஆணியின் மேலேயே நடந்த அரிப்பு. பழுப்புத் துரு உப்பு நீரில் அதிகம் தெரிந்தாலும் இரும்பு அதிகம் கரைந்தது அமிலத்தில். எனவே துருவின் தோற்றத்தை வைத்து அரிப்பை வரிசைப்படுத்த இயலாது. இம்முடிவுகள் செம்புடன் இணைந்து, அசையாத திரவத்தில் ஒரு வாரம் இருந்த ஆணிகளுக்கே பொருந்தும்."

அவ்வளவுதான். நூற்றுச் சொச்சம் சொற்கள். உலகப் பொருளாதாரம் இதில் இல்லை. "விவாதிக்கப்பட்டுள்ளது" இல்லை. பாடநூலில் ஏற்கெனவே இருக்கும் சமன்பாடு இல்லை. ஆனால் வேறோர் ஊரில் இருக்கும் மாணவி இதை மட்டும் படித்துவிட்டு அதே சோதனையை அமைக்க முடியும். தன் எண்ணை உங்கள் எண்ணோடு ஒப்பிட முடியும். நீங்கள் தவறியிருந்தால் தவறென்று காட்டவும் முடியும். சோடாவுக்கு "இழப்பு பூஜ்யம்" என்று எழுதவில்லை என்பதையும் கவனித்தீர்களா? புது ஆணி துரு நீக்கும் கரைசலில் இழந்த ஒரு மில்லிகிராமும், சோடாவில் கிடந்த ஆணி இழந்த ஒரு மில்லிகிராமும் நம் தராசுக்கு ஒன்றுதான். தராசு காணாததை இல்லை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அளக்க முடியவில்லை என்றுதான் சொல்லலாம்.

கடைசியாக எழுதும் நேரத்தைப் பற்றி ஒரு சொல். சுருக்கம் முதல் பக்கத்தில் இருப்பதால் அதை முதலில் எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் நீங்கள் எதிர்பார்த்ததை எழுதுவீர்கள். ஆணி சொன்னதை எழுத மாட்டீர்கள். உப்பு நீர்தான் வெல்லும் என்று எதிர்பார்த்துத்தான் எல்லாரும் இந்தச் சோதனையைத் தொடங்குகிறார்கள். எடைகள் எல்லாம் கைக்கு வந்து, கணக்கு முடிந்து, அறிக்கை முழுவதும் எழுதிய பிறகு சுருக்கத்துக்கு உட்காருங்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. இந்த ஆண்டு அறிக்கைகளைத் திருத்தும்போது, முதல் பக்கத்தில் ஆணியின் பரப்பும், கரைசலின் செறிவும், நாள் கணக்கும், எடையிழப்பும் இல்லையென்றால், மதிப்பெண் போடாமல் அந்தப் பக்கத்தை மட்டும் திருப்பிக் கொடுங்கள். மாணவச் செல்வங்களே, அந்த நாலு எண்களையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அவை இருந்தால்தான் அது ஆய்வுச் சுருக்கம்.